ஒன்று இருபதா, ஆறு ஐம்பதா?

கரூரில் என் அக்கா, படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்து அனுப்பும் சிறு தையல் கூடம் ஒன்றை நடத்துகிறார். 2024 நவம்பர் 14ஆம் தேதி, வியாழக்கிழமை காலையில், அவர் கோவையில் இருக்கும் என்னை அழைத்து, "தம்பி, என் மெயிலை யாரோ பார்க்கறாங்கடா" என்றார். சென்னையில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பியிருந்த விலைப்பட்டியலை விட, உருப்படிக்கு இரண்டு ரூபாய் மட்டும் குறைத்து வேறொருவர் விலை கொடுத்திருந்தார். தற்செயலாக அப்படி அமைய வாய்ப்பில்லை என்பது அக்காவின் எண்ணம். சந்தேகத்தோடு தன் கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து பார்த்தவருக்கு, இரவு 2:40 மணிக்கு மும்பையிலிருந்து ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி இயங்கியதாக ஒரு வரி தெரிந்திருக்கிறது. அக்கா மும்பைக்குப் போனதே இல்லை.

அன்று மதியத்துக்குள் நான் அந்தப் பதிவுகளைப் படித்து, ஒரு நேரத்தைச் சொன்னேன். அந்த நேரம் தவறு. நாற்பது நிமிடங்களில் என் தவறு எனக்கே தெரிந்துவிட்டது. உடனே அழைத்துத் திருத்தவும் செய்தேன். ஆனால் அந்த நாற்பது நிமிடங்களில் நடந்தது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. உள்நுழைவுப் பதிவை எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் எழுத நினைத்தபோதெல்லாம் அந்த இடத்தில்தான் வந்து நின்றேன். ஆகவே அதை மறைக்காமல், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மும்பை என்ற வரி

முதலில் அந்த மும்பை வரியை எடுத்துக்கொண்டோம், ஏனெனில் அக்காவைப் பயமுறுத்தியது அதுதான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "Your devices" என்று ஒரு பக்கம் உண்டு. இப்போது உள்நுழைந்த நிலையில் இருக்கும் சாதனங்களும், கடந்த 28 நாட்களுக்குள் அப்படி இருந்தவையும் அங்கே தெரியும். அதில் காட்டப்படும் நேரம், யாரோ திரையைத் தொட்ட நேரம் என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். உண்மையில் அது, அந்தச் சாதனம் கூகுளின் கணினிகளோடு கடைசியாகத் தொடர்புகொண்ட நேரம் மட்டுமே. கைப்பேசி தலைமாட்டில் கிடந்து, அதன் உரிமையாளர் தூங்கிக்கொண்டிருக்கும்போதும், அஞ்சலையும் தொடர்பு எண்களையும் நாட்காட்டியையும் அது தானாகவே ஒத்திசைத்துக்கொண்டிருக்கும். இரவு 2:40 என்ற நேரத்தைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஊரின் பெயரும் அப்படித்தான். கைப்பேசியின் இருப்பிடத்தை யாரும் அளந்து அந்தப் பெயரை எழுதுவதில்லை; இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்ணான ஐபி முகவரி எந்த ஊருக்கு உரியது என்று ஓர் அட்டவணை சொல்வதை அப்படியே எழுதுகிறார்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும் ஒரு கைப்பேசியின் போக்குவரத்து, அந்த நிறுவனத்தின் ஏதோ ஒரு பெருநகர வாயில் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழைகிறது. முகவரித் தொகுதியும் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் தலைமையிடத்தின் பேரில் பதிவாகியிருக்கும். கரூரில் இருக்கும் கைப்பேசி மும்பையில் இருப்பதாகத் தெரிவதற்கு இதுவே போதும்.

ஆனாலும் விளக்கம் பொருந்துகிறது என்பதற்காக அதுவே நடந்தது என்று முடிவுகட்டக் கூடாது என்பதால், ஒரு சோதனை செய்தோம். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால், வலப்பக்க அடியில் "Last account activity" என்ற சிறிய எழுத்தும் அதன் கீழே "Details" என்ற இணைப்பும் இருக்கும். அதை அழுத்தினால், கடைசியாகக் கணக்கைத் தொட்ட 10 முகவரிகள், எந்த வழியாக (உலாவியா, கைப்பேசியா, வேறு அஞ்சல் செயலிகள் பயன்படுத்தும் ஐமாப்பா) வந்தன என்பதோடு வரிசையாகத் தெரியும். அக்காவைத் தம் கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் தமக்கே ஓர் அஞ்சல் அனுப்பச் சொன்னேன். பிறகு கணினியில் அந்தப் பட்டியலைப் புதுப்பித்ததும், மேலே புதிதாக ஒரு கைப்பேசி வரி வந்தது. அதுவும் மும்பை என்றே காட்டியது. அதன் முகவரி 2409:40 என்று தொடங்கியது. அந்த முகவரி யாருடையது என்று உறுதிசெய்ய இந்த ஒரு கட்டளை போதும்:

```
whois 2409:40f4::
```

ஜியோ என்று விடை வந்தது. அக்காவின் கைப்பேசியில் இருப்பதும் ஜியோதான். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ஐபிவி6 என்ற இந்த நீண்ட வகை முகவரியின் பின்பாதி அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். முன்பாதியும்கூட மொபைல் இணைப்பில் நிலையாக இருப்பதில்லை. எனவே நேற்றைய முகவரியும் இன்றைய முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பயனில்லை. யாருடைய தொகுதி, எந்த வழி, எந்த வகைச் சாதனம் என்ற மூன்றும் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க முடியும். அக்காவின் கணக்கில் மூன்றும் பொருந்தின. மும்பை வரி அவருடைய கைப்பேசியே.

"அப்ப ஒண்ணும் இல்லையா?" என்று அக்கா கேட்டார். ஆமாம் என்று சொல்ல நா எழுந்தது. பட்டியலை முழுவதும் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அன்று நான் சரியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

இரண்டு விண்டோஸ்

அதே சாதனப் பட்டியலில், யாரையும் பயமுறுத்தாத ஒரு வரி இருந்தது. "Windows" என்று ஒரே பெயரில் இரண்டு அமர்வுகள் தெரிந்தன. இரண்டுமே இந்தியா, தமிழ்நாடு. இப்படி ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வருவதற்குச் சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. உள்நுழைவை நினைவில் வைத்திருக்கும் உலாவியின் குக்கீகளை அழித்துவிட்டு மறுபடி உள்நுழைந்தால் புதிய அமர்வு பிறக்கும். மறைநிலைச் சாளரத்தில் உள்நுழைந்தாலும், அதே கணினியில் வேறோர் உலாவியைப் பயன்படுத்தினாலும் அப்படித்தான். அமர்வுகளின் எண்ணிக்கையை வைத்து யாரும் கலங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒவ்வோர் அமர்வையும் தனியே திறந்தால், அது முதன்முதலில் உள்நுழைந்த தேதி தெரியும். ஒன்று 2024 ஆகஸ்ட் மாதத்தது. அது ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புதிய கணினி. எனக்கும் தெரியும், தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். மற்றொன்று 2021ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்று ஆண்டுக்கு முந்தைய அமர்வு அந்தப் புதிய கணினிக்கு உரியதாக இருக்க முடியாது. அப்படியிருந்தும் அது இரண்டு நாட்களுக்கு முன்பு இயங்கியிருந்தது.

ஜிமெயிலின் 10 வரிகளுக்குத் திரும்பிச் சென்று பார்த்தபோது, உலாவி வழியாக வந்தவற்றில் இரண்டு வெவ்வேறு முகவரிகள் இருந்தன. அந்தப் பக்கமே, இந்தக் கணினியின் முகவரி இன்னது என்று தனியாகச் சொல்லும். கூடத்தின் பிராட்பேண்ட் முகவரி அதிலிருந்தே தெரிந்தது. மற்றது வேறொரு நிறுவனத்தின் பிராட்பேண்ட். இரண்டும் தமிழ்நாடு என்று காட்டியதால், தொலைதூர ஊரைத் தேடிய கண்கள் முதல் பார்வையில் அதைத் தாண்டிப் போயிருந்தன. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரியாத நாடோ மாநிலமோ வந்தால் அலறுகிறோம். பக்கத்துத் தெருவிலிருந்து வரும் வரியைச் சொந்த வரியாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு சிறு வியாபாரியின் அஞ்சலில் அக்கறை உள்ளவர் பெரும்பாலும் அதே ஊரில்தான் இருப்பார்.

கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடலாமா என்று அக்கா கேட்டார். முதலில் எல்லாப் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். அமர்வை வெளியேற்றிவிட்டால் பட்டியலும் மாறத் தொடங்கும்; 28 நாட்கள் கழிந்தால் அந்த வரி கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அதோடு, 10 வரிகளில் இரண்டு நாட்களுக்கு முந்தைய விவரம் முழுமையாகக் கிடைக்காது. அதற்குக் கூகுள் டேக்அவுட் என்ற வசதியில் "Access log activity" என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டும். எந்தச் சாதனம், எந்த முகவரியிலிருந்து, எந்த உலாவியின் வழியாக, எந்தக் கூகுள் சேவையை, எப்போது தொட்டது என்பதெல்லாம் அட்டவணைக் கோப்பாக வரும். அன்று அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அக்கா அதை எனக்கு அனுப்பிவைத்தார். அதன் பிறகு அந்தப் பழைய அமர்வை வெளியேற்றி, கடவுச்சொல்லையும் மாற்றினார்.

நான் சொன்ன நேரம்

கோப்பைத் திறந்து, அந்த அந்நிய முகவரி உள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை வரி இப்படி இருந்தது. முகவரியை மாற்றியும் நீண்ட பகுதிகளைச் சுருக்கியும் தருகிறேன்:

```
2024-11-12 13:20:41 UTC  203.0.113.47  Chrome/109.0.0.0  Gmail
2024-11-12 13:23:05 UTC  203.0.113.47  Chrome/109.0.0.0  Drive
```

ஒரு மணிக்குச் சற்று முன்பு அக்காவை அழைத்தேன். "செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு யாரோ திறந்திருக்கிறார்கள்" என்றேன். மறுமுனையில் அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்நேரம் நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பேன். ஆபீஸ்ல கணக்கு எழுதற பொண்ணு மட்டும்தான் இருப்பா" என்றார். முகவரி கூடத்துடையது அல்ல என்று நான் சொன்னேன்தான். ஆனால் அந்தப் பெண் தன் கைப்பேசியின் இணைப்பைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று அக்கா கேட்டபோது, மொபைல் இணைப்பு அல்ல, பிராட்பேண்ட் என்று அழுத்திச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான், அந்த வரி என்ன கணினி என்று தேடினேன். உலாவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விவரத்தை இன்று அப்படியே நம்ப முடியாது. 2023ஆம் ஆண்டுக்குள் குரோம் தன் அறிமுக வரியைப் பெரிதும் சுருக்கிக்கொண்டது. விண்டோஸ் 7 ஆனாலும் 11 ஆனாலும் "Windows NT 10.0" என்றே சொல்லும்; ஆண்ட்ராய்டு கைப்பேசி எந்த மாதிரியாக இருந்தாலும் "Android 10; K" என்று சொல்லும். ஐபேடின் சஃபாரியோ, 2019 முதல், வழக்கமான அமைப்பில் தன்னை மேக் கணினி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. வேறு பல தளங்களின் சாதனப் பட்டியலில் தன்னிடம் இல்லாத மேக் கணினியைக் கண்டு திடுக்கிடுகிறவர்களில் பலர், தங்கள் ஐபேடைத்தான் பார்க்கிறார்கள். இப்படிப் பல விவரங்கள் மழுங்கிப்போன பிறகும் குரோமின் முதன்மைப் பதிப்பு எண் மட்டும் உண்மையாகவே நிற்கிறது. கூடத்துக் கணினியின் வரிகளில் அது 130 ஆக இருந்தது. அந்நிய வரிகளில் 109.

109 சாதாரண எண் அல்ல. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் இயங்கிய கடைசிக் குரோம் பதிப்பு அதுதான். 2023 ஜனவரியில் வந்தது. அதன் பிறகு அந்தக் கணினிகளில் குரோம் முன்னேறவில்லை. புதிய விண்டோஸில் குரோம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்தும் 109இலேயே நிற்கும் ஒரு குரோம், அநேகமாக ஒரு விண்டோஸ் 7 கணினியில்தான் இருக்கும். அக்காவின் பழைய கணினி விண்டோஸ் 7. அது ஆகஸ்டில், புதியதை வாங்கிய கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப்பட்டது. அதில் ஜிமெயிலிலிருந்து யாரும் வெளியேறவில்லை. நானும் அதைச் சொல்லவில்லை.

இந்த எண்ணம் வந்ததும், கூடத்தின் சொந்த வரிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கூடத்துக் கணினியின் முதல் வரி 04:00 மணியை ஒட்டி இருந்தது. அக்கா கூடத்தைத் திறப்பது ஒன்பதரைக்கு. அதிகாலை நான்கு மணிக்கு அங்கே யாரும் இல்லை. அப்போதுதான், ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் UTC, அதாவது உலகப் பொது நேரம், என்று எழுதப்பட்டிருந்ததைக் கண் கண்டது. எழுத்து முன்பும் அங்கேதான் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 13:20 என்பது மாலை 6:50. ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டிச் சாவியை அக்காவே எடுத்துப் போகிறார். கணினிக் கடை திறந்திருக்கும் நேரம் அது.

ஜிமெயிலின் பக்கமும் சாதனப் பட்டியலும் நம் நேரத்தைக் காட்டுகின்றன. தரவிறக்கிய கோப்பு உலக நேரத்தைக் காட்டுகிறது. ஒரே விசாரணையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததால் நான் வழுக்கினேன். இப்போதெல்லாம், எந்தப் பதிவைத் திறந்தாலும், சந்தேகத்துக்குரிய வரியைத் தொடுவதற்கு முன்னால், நேரம் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு செயலைத் தேடுகிறேன். கூடம் திறக்கும் வரியோ, நானே அனுப்பிய ஓர் அஞ்சலோ, எதுவாக இருந்தாலும் சரி. அது எந்த எண்ணில் விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற வரிகளின் நேரத்தை வாய்விட்டுச் சொல்கிறேன்.

என்ன நடந்தது, எதுவரை தெரியும்

ஆகஸ்ட் முதலே அந்த 109 வரிகள் பெரும்பாலான நாட்களில் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் யாரோ தினமும் அஞ்சல் படித்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தச் செவ்வாய் மாலை வரிகள் நீங்கலாக, அவை அனைத்தும் காலை பத்து மணி அளவில், ஒற்றை வரியாக, ஜிமெயில் என்று மட்டும் இருந்தன. பழைய தாவல்களோடு தொடங்கும்படி குரோம் அமைக்கப்பட்டிருந்தால், கணினியைப் போட்டதும் ஜிமெயில் தாவல் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அது பதிவாகவும் செய்யும். கணினிக் கடைக்காரர்கள் அந்தப் பழைய கணினியைத் தங்கள் மேசையிலேயே பில் போட வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் நேரில் போனபோது தெரிந்தது. காலை வரிகளுக்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். மனிதக் கை பட்டதற்கான அடையாளம் அந்தச் செவ்வாய் மாலை மட்டும்தான் இருந்தது. நேரம் வழக்கத்துக்கு மாறானது; ஜிமெயிலைத் தொட்ட இரண்டரை நிமிடத்தில் டிரைவும் தொடப்பட்டிருக்கிறது. தானாகத் திறக்கும் தாவல் அதைச் செய்வதில்லை.

எனவே, அனுமதியில்லாமல் கணக்குத் திறக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று என்னால் சொல்ல முடிந்தது. விலைப்பட்டியல் அந்த வழியாகத்தான் போனதா என்பதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. தனிநபரின் கணக்கில், எந்த அஞ்சல் எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவு நம் கைக்குக் கிடைக்காது. சேவை தொடப்பட்டது என்பதோடு விவரம் முடிந்துவிடுகிறது. வடிகட்டிகளையும், தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பையும், இணைக்கப்பட்ட செயலிகளையும், மீட்பு எண்ணையும் பார்த்தோம், எதுவும் மாற்றப்படவில்லை. திட்டமிட்டு நுழைந்தவர் அஞ்சலைத் தொடர்ந்து பெற ஒரு வழி வைத்துவிட்டுப் போவார்; இங்கே அப்படி இல்லை என்பது ஓர் ஆறுதல், அவ்வளவே. கடைக்காரர் வருத்தம் தெரிவித்து, எங்கள் கண் முன்பே கணினியின் வட்டை அழித்தார். யார் பார்த்தது என்று தமக்குத் தெரியாது என்றார்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. உலாவியின் குக்கீயைத் தீநிரல் கொண்டு திருடிச் சென்றவர் மீண்டும் உள்நுழைவதே இல்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வைத் தொடர்கிறார். அப்போது புதிய உள்நுழைவும் வராது, சாதனப் பட்டியலிலும் புதிய பெயர் முளைக்காது. பதிப்பு எண்ணையும் அவர் அப்படியே போலி செய்யலாம். பழைய வரி ஒன்று திடீரென்று வேறு முகவரியிலிருந்து பேசுவதைத் தவிர வேறு தடயம் இருக்காது. அக்காவின் கணக்கில், முகவரி, பதிப்பு எண், முதல் உள்நுழைவுத் தேதி, கணினி கைமாறிய மாதம் என்ற நான்கும் ஒரே இடத்தைக் காட்டியதால்தான் துணிந்து சொன்னேன்.

நான் இரண்டாவது முறை அழைத்தபோது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. தவறை முழுதும் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "கேட்டுட்டேனேடா" என்றார். அன்று சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல், அந்தப் பெண்ணை எதிரில் உட்கார வைத்து, செவ்வாய்க்கிழமை மதியம் என் கம்ப்யூட்டரைத் தொட்டாயா என்று கேட்டிருக்கிறார். இல்லைங்க அக்கா என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். மறுநாள் அக்கா அவளிடம் மன்னிப்புக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் நேரில் போய், தவறாகப் படித்தவன் நான் என்று சொன்னேன். பரவாயில்லைங்க என்றாள். இன்றும் அங்கேதான் கணக்கு எழுதுகிறாள். ஆனால் அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பியதும், அவளும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, மெஷின்கள் ஓடும் கூடத்தில் மற்ற பெண்களோடு போய் உட்கார்ந்துகொள்கிறாள். அந்த ஒரு மணி நேரமும் ஆபீஸ் அறை பூட்டியே கிடக்கிறது.